படத்தைப் பார்த்து டைல்ஸ் கணக்கு: புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்கு எட்டு அறிவுரைகள்

அம்பத்தூரில் டைல்ஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், மேஸ்திரியிடம் உதவியாளாக இருந்து இப்போது தனியாக வேலை பிடிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் வீட்டுக்காரர் வந்து கூப்பிடுவார், நாம் டேப்பை எடுத்துக்கொண்டு போவோம். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. அதன் கீழே "ஹால் 17.6 x 11.3, 2க்கு 2 எத்தனை பெட்டி வேணும்?" என்று ஒரு வரி. ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லாவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே பதில் சொல்லத்தான் வேண்டும். குறைவாகச் சொன்னால் பாதி வேலையில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கூடுதலாகச் சொன்னால் அவர் பணம் மொட்டை மாடியில் பெட்டியாக அடுக்கிக் கிடக்கும்.

இந்த ஒரு ஹாலையே கடைசிவரை எடுத்துக்கொள்வோம். கள்ளிக்குப்பம் பக்கத்துப் பழைய வீடு, தரையில் மொசைக், வாசலில் நின்று எடுத்த படம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. புள்ளிக்கு என்ன பொருள் என்று முதலில் கேளுங்கள்

நம் ஊரில் பதினேழடி ஆறு அங்குலத்தை 17.6 என்றுதான் எழுதுவார்கள். கால்குலேட்டருக்கு அது தெரியாது. அது 17.6 அடி என்றே பெருக்கும். நம் ஹாலில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் அகலம் 11.10 என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? எழுதியவர் மனதில் இருப்பது பதினோரடி பத்து அங்குலம். கால்குலேட்டர் எடுத்துக்கொள்வது பதினோரடி ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம் தொலைந்துவிடுகிறது. பதினேழரை அடி நீளத்தில் அது பன்னிரண்டு சதுர அடிக்கு மேல், ஏறக்குறைய ஒரு பெட்டி டைல்ஸ்.

அடுத்த கேள்வி, அந்த அளவு எங்கிருந்து வந்தது என்பது. வரைபடத்தைப் பார்த்து எழுதினால் அது செங்கல் முதல் செங்கல் வரையுள்ள அளவாக இருக்கும். இருபுறமும் பூச்சு ஏறியபின் சுமார் ஒரு அங்குலம் குறையும். டேப் பிடித்து அளந்தாரா, எந்த உயரத்தில் பிடித்தார், ஒரே இடத்தில் அளந்தாரா இரண்டு முனையிலும் அளந்தாரா என்று கேளுங்கள். "பதினேழடி ஆறு அங்குலம், பதினோரடி மூணு அங்குலம், சரிதானே சார்?" என்று வாயால் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகே பேனாவை எடுங்கள்.

2. படத்தில் எதிர்ச்சுவரை மட்டும் அளவுக்கு நம்புங்கள்

படத்தை வைத்து அறையின் அளவைக் கண்டுபிடிக்க முடியாது. சொன்ன அளவு நம்பத்தக்கதா என்று சரிபார்க்க முடியும். அதற்கு உதவுவது கேமராவுக்கு நேர் எதிரே இருக்கும் சுவர். அந்தச் சுவரின் எல்லா இடமும் கேமராவிலிருந்து ஒரே ஆழத்தில் இருப்பதால், அதிலுள்ள பொருள்களின் அகல விகிதம் படத்திலும் மாறாமல் இருக்கும்.

நம் படத்தில் எதிர்ச்சுவரில் ஒரு படுக்கையறைக் கதவு இருக்கிறது. நிலையோடு சேர்த்து அதன் அகலம் மூன்றடி என்று வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ஃபோன் திரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால், தரையோரத்தில் கதவு 20 மில்லிமீட்டர், சுவர் முழுவதும் 75 மில்லிமீட்டர். இருபதுக்கு மூன்றடி என்றால் எழுபத்தைந்துக்குப் பதினொன்றேகால் அடி. சொன்ன அகலமும் அதுதான். ஒன்பதடியோ பதின்மூன்றடியோ வந்திருந்தால், அளவு எங்கோ தவறு என்று அப்போதே பிடித்திருக்கலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. எதிர்ச்சுவரின் தரைக்கோடும் கூரைக்கோடும் படத்தில் மட்டமாகக் கிடக்க வேண்டும். ஒருபக்கம் சரிந்திருந்தால் படம் எடுத்தவர் திரும்பி நின்றிருக்கிறார், அந்தப் படத்தில் விகிதம் பார்க்காதீர்கள். கதவின் நிலை மட்டும் சாய்ந்து தெரிந்தால் ஃபோனைக் குனித்துப் பிடித்திருக்கிறார் என்று பொருள். அப்போது கதவையும் சுவரையும் ஒரே உயரத்தில், தரையோரமாகவே ஒப்பிடுங்கள். பக்கச் சுவரிலுள்ள ஜன்னலையோ நடுவில் கிடக்கும் சோபாவையோ எதிர்ச்சுவரோடு ஒப்பிடவே கூடாது. அவை வேறு ஆழத்தில் இருக்கின்றன.

3. நீளத்தைப் படத்தில் அளக்காதீர்கள், எண்ணுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வாசலில் நின்று ஃபோனை ஐந்தடி உயரத்தில் நேராக, நெடுக்குவாட்டில் பிடித்தால், காலடியிலிருந்து ஏறக்குறைய ஏழடி வரையுள்ள தரை படத்தில் விழாது. நம் ஹாலின் நீளம் பதினேழரை அடி. ஆக, தரையில் ஐந்தில் இரண்டு பங்கு அந்தப் படத்தில் இல்லவே இல்லை. தெரிகிற மீதியிலும் கிட்டே இருக்கும் பாதி, படத்தில் தரைக்குரிய உயரத்தில் பத்தில் ஏழு பங்கை எடுத்துக்கொள்கிறது. தூரத்துப் பாதி மூன்று பங்குக்குள் சுருங்கிவிடுகிறது. அகலக் கோணத்தில், அதாவது 0.5 என்று வைத்து எடுத்த படமென்றால் அறை இன்னும் நீண்டு தெரியும். கண்ணால் பார்த்து "இருபதடி இருக்கும்போல" என்று சொல்வதற்கு மதிப்பே கிடையாது.

தரையில் பழைய மொசைக் கல் இருப்பது நமக்கு நல்லது. தூரம் போகப்போகக் கல் சிறிதாகத் தெரியும், ஆனால் அதன் எண்ணிக்கை மாறாது. பழைய வீடுகளில் பத்து அங்குலக் கல், அதாவது 250 மில்லிமீட்டர், மிகவும் பழக்கம். 200, 300 மில்லிமீட்டர் கற்களும் உண்டு. ஆகவே ஒரே ஒரு கல்லை அளந்து சொல்லும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பிறகு ஒரு நாளிதழை ஹாலின் நடுவில் போட்டுவிட்டு, வாசலிலிருந்து ஒன்றும் எதிர்ச்சுவரிலிருந்து ஒன்றுமாக இரண்டு படம் அனுப்பச் சொல்லுங்கள். முதல் படத்தில் நாளிதழின் ஓர் ஓரம் முதல் எதிர்ச்சுவர் வரை கற்களை எண்ணுங்கள். இரண்டாவது படத்தில் அதே ஓரம் முதல் வாசல் வரை எண்ணுங்கள். இரண்டையும் கூட்டினால் 250 மில்லிமீட்டர் கல்லில் 21 முழுக் கல்லும் ஒரு சிறு வெட்டும் வர வேண்டும். பதினெட்டுதான் வருகிறது என்றால் அறை பதினைந்தடிக்குள் இருக்கிறது, சொன்ன நீளம் தவறு.

சிவப்பு ஆக்சைடு தரையோ வெறும் சிமெண்ட் தளமோ என்றால் எண்ணக் கோடு இருக்காது. நான்கு மூலையும் தெரியும்படி படம் இருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்கள். அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் அறையின் உண்மையான நடு. அறையில் தூண் இருந்தால், அது அந்த நடுவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அப்போது நிச்சயமாகச் சொல்லலாம்.

4. 2க்கு 2 என்பது இரண்டடி அல்ல

கடையில் எல்லோரும் 2க்கு 2 என்றுதான் சொல்வோம். பெட்டியில் அச்சிட்டிருப்பது 600 x 600 மில்லிமீட்டர். இரண்டடி என்றால் 609.6 மில்லிமீட்டர். ஒரு டைலுக்கு ஒன்பதரை மில்லிமீட்டர் குறைகிறது. ஆகவே ஒரு டைல் நான்கு சதுர அடி அல்ல, 3.875 சதுர அடி. நான்கு டைல் கொண்ட ஒரு பெட்டி பதினாறு சதுர அடி அல்ல, பதினைந்தரை. மோர்பியிலிருந்து வரும் பெட்டியானாலும் வேறெங்கிருந்து வந்தாலும் அளவு, எண்ணிக்கை, பரப்பு மூன்றும் பெட்டியின் மேலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்துப் பதித்தால் ஒரு டைல் பிடிக்கும் இடம் 602 மில்லிமீட்டர். இனி எல்லாக் கணக்கும் இந்த 602-ல்தான். அறையின் அளவையும் மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஓரடிக்கு 304.8. நம் ஹால் 5334-க்கு 3429.

5. சதுர அடியை வகுக்காதீர்கள், வரிசையை எண்ணுங்கள்

நம் ஹாலின் பரப்பு ஏறக்குறைய 197 சதுர அடி. அதை 3.875-ஆல் வகுத்தால் 51 டைல். இந்த விடை தாளில் சரி, தரையில் தவறு. வெட்டியெடுத்த துண்டுகள் எல்லாம் வேறெங்காவது ஒட்டப்படும் என்று அந்த வகுத்தல் நினைத்துக்கொள்கிறது.

நீளவாட்டில் எட்டு முழு டைல் 4816 மில்லிமீட்டர் பிடிக்கும். மீதி 518. அதற்கு ஒன்பதாவது டைலை வெட்ட வேண்டும். வெட்டியபின் கையில் மிஞ்சுவது 82 மில்லிமீட்டர் துண்டு. அது தரையில் வேறெங்கும் பொருந்தாது. அகலவாட்டில் ஐந்து முழு டைல் 3010 பிடிக்கும். மீதி 419. அதற்கு ஆறாவது டைல். மிஞ்சுவது 181 மில்லிமீட்டர் துண்டு. அதுவும் தரைக்கு ஆகாது. ஆக, ஒன்பது பெருக்கல் ஆறு, 54 டைல் பதிக்க வேண்டும்.

மேஸ்திரி நடுவிலிருந்து பதித்து இரண்டு ஓரத்திலும் வெட்டு சமமாக வரும்படி செய்தாலும் எண்ணிக்கை 54-ஐத் தாண்டாது. 518-ஐ இரண்டாகப் பிரித்தால் ஓரத்துக்கு 259. இரண்டும் ஒரே டைலிலிருந்து வந்துவிடும். அகலத்திலும் அப்படியே. ஆனால் டைலில் மார்பிள் ரேகை ஒரே திசையில் ஓடினால் துண்டைத் திருப்பி வைக்க முடியாது. அப்போது ரேகை எப்படி ஓட வேண்டும் என்று கேட்டுவிட்டுத் துண்டுகளை எண்ணுங்கள்.

சதுரத் தூண் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருந்தால் அதன் பரப்பைக் கழிக்காதீர்கள். தூணைச் சுற்றி வெட்ட ஒரு முழு டைல்தான் போகும். முழுதாக ஒரு டைலுக்கு மேல் இடத்தை அடைத்திருக்கும் மேடை போன்றவற்றை மட்டும் கழிக்கலாம். சோபாவும் பீரோவும் மறைத்திருக்கும் இடத்தில் தூணோ பள்ளமோ உண்டா என்று படத்தை வைத்துக் கேட்டுவிடுங்கள்.

6. பன்னிரண்டடி அறையைக் கண்டால் நிதானியுங்கள்

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு படுக்கையறை நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். புதியவர் உடனே "ஆறாறு முப்பத்தாறு டைல், ஒன்பது பெட்டி" என்று சொல்லிவிடுவார். பன்னிரண்டடி என்பது 3658 மில்லிமீட்டர். ஆறு டைல் பிடிப்பது 3612. மீதி ஒரு நாற்பத்தாறு மில்லிமீட்டர், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்கர்ட்டிங்கின் தடிமன் இதை மறைக்காது.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, வாசல் பக்கம் முழு டைலில் தொடங்கி, கட்டிலும் பீரோவும் வரும் இரண்டு சுவரோரம் அந்த மெல்லிய கீற்றைப் போடுவது. கீற்றுகளை ஒரே டைலிலிருந்து பல எடுக்கலாம் என்பதால் உடைவையும் சேர்த்துச் சுமார் நாற்பது டைலில் முடியும். ஆனால் மெல்லிய கீற்று வெட்டும்போது உடையும், பார்வைக்கும் நன்றாக இருக்காது. இரண்டாவது வழி, கீற்றைத் தவிர்க்க இரண்டு ஓரத்திலும் அரை டைலுக்குச் சற்று அதிகமான துண்டு வரும்படி நகர்த்திப் பதிப்பது. துண்டு சுமார் 324 மில்லிமீட்டர். ஒரு டைலில் ஒன்றுதான் எடுக்க முடியும். அப்போது வரிசைக்கு ஏழு, ஏழு வரிசை, மொத்தம் 49 டைல். முப்பத்தாறுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் மூன்று பெட்டிக்கு மேல் வித்தியாசம்.

எது வேண்டும் என்பதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு கணக்கையும் அவர் முன் வைப்பது. எந்த அறையானாலும் 602-ஆல் வகுத்தபின் மீதி மூன்று நான்கு அங்குலத்துக்குக் குறைவாக வந்தால், அங்கே இந்தக் கேள்வி காத்திருக்கிறது.

7. வேஸ்டேஜைச் சதவீதமாகச் சொல்லாதீர்கள், துண்டாகக் காட்டுங்கள்

"பத்து சதவீதம் சேர்த்துக்கோ" என்பது எல்லோர் வாயிலும் வரும். நம் ஹாலுக்கு அப்படிச் சேர்த்தால் 217 சதுர அடி, 14 பெட்டி, 56 டைல். பதிக்கவே 54 போய்விடும். மிச்சம் இரண்டு. ஸ்கர்ட்டிங் இன்னும் போடவில்லை.

ஸ்கர்ட்டிங்கையும் எண்ணிப் பார்ப்போம். ஹாலின் சுற்றளவு ஐம்பத்தேழரை அடி. வாசற்கதவு மூன்றரை, இரண்டு அறைக் கதவுகள் மூன்று மூன்று, ஆக ஒன்பதரை அடி கழிந்தது. மீதி நாற்பத்தெட்டு அடிக்கு 600 மில்லிமீட்டர் நீளத்தில் 25 பட்டை வேண்டும். தரையின் கடைசி வரிசையில் மிஞ்சிய 181 மில்லிமீட்டர் துண்டுகளில் முழு நீளம் உள்ளவை எட்டு. ஒவ்வொன்றிலும் நான்கு அங்குலப் பட்டை ஒன்று கிடைக்கும். பாக்கி 17 பட்டை. ஒரு முழு டைலில் கட்டரின் தேய்மானம் போக, நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆறு பட்டை வரும். மூன்று டைல் போதும். ஐம்பத்து நான்கும் மூன்றும் ஐம்பத்தேழு. வெட்டும்போது உடைவதற்கும், பின்னாளில் குழாய் வேலைக்காகத் தோண்டினால் மாற்றுவதற்கும் மூன்று டைல். மொத்தம் 60. சரியாக 15 பெட்டி.

இப்படிக் காட்டினால் வீட்டுக்காரருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று தெரியும். மேஸ்திரிக்கும் மிஞ்சும் துண்டைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்க வேண்டும் என்பது புரியும். அவரிடம் இதை முன்பே சொல்லாவிட்டால் அந்த எட்டுத் துண்டும் குப்பையோடு போய்விடும், டைல் குறையும். சதவீதம் உதவும் இடமும் உண்டு. மூலைவாட்டில், அதாவது டைமண்ட் மாதிரி பதிப்பதென்றால் நான்கு சுவரோரமும் முக்கோணமாக வெட்டு விழும். துண்டு எண்ணுவது கடினம். அங்கே பதினைந்து சதவீதம் சேர்த்துச் சொல்லுங்கள்.

8. மூலையைச் சரிபார்த்த பிறகே பெட்டியை ஏற்றுங்கள்

இதுவரை போட்ட கணக்கெல்லாம் அறை சரியான செவ்வகம் என்று நம்பிப் போட்டவை. பழைய வீட்டில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டு மூன்று அங்குல வித்தியாசம் இருப்பது சகஜம். படத்தில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் பக்கச் சுவர்கள் எப்படியும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துதான் தெரியும். மூலைக்கு மூலை இரண்டு அளவு கேளுங்கள். நம் ஹாலில் இரண்டும் இருபதடி ஒன்பது அங்குலம் ஐந்து நூல் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மூலை மட்டமாக இல்லை.

வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். அகலத்தில் வெட்டு 419 மில்லிமீட்டர். ஒரு முனை மூன்று அங்குலம் கூடுதலாக இருந்தாலும் வெட்டு 495 ஆகுமே தவிர இன்னொரு வரிசை கேட்காது. நீளத்தில் வெட்டு 518. அங்கே மூன்றேகால் அங்குலத்துக்கு மேல் கூடினால் பத்தாவது டைல் தேவைப்படும். வெட்டின் அகலம் 600-ஐ நெருங்கும் பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்தை இரண்டு முனையிலும் நேரில் அளக்காமல் விடாதீர்கள்.

பெட்டி எடுக்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச், ஷேடு எண்கள் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அதே பெயர், அதே மாடல் என்று அடுத்த மாதம் வரும் பெட்டியின் நிறம் ஒரு மாற்றுக் குறைந்தோ கூடியோ இருக்கலாம். ஹாலின் நடுவில் அது தனியாகத் தெரியும். அதனால்தான் குறைத்து வாங்குவதைவிட ஒரு பெட்டி கூட வாங்குவது நல்லது என்கிறேன். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொடுங்கள்.

படத்தைப் பார்த்துச் சொல்லும் எண்ணிக்கையின் பக்கத்தில் எப்போதும் "தோராயம்" என்று எழுதுங்கள். எந்த அளவை நம்பிப் போட்டீர்கள், எத்தனை வரிசை, ஸ்கர்ட்டிங்குக்கு எத்தனை, உடைவுக்கு எத்தனை என்று நான்கு வரி சேர்த்து அனுப்புங்கள். அட்வான்ஸ் வாங்கிய அன்றே டேப்பும் மூலைமட்டமும் எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள். ஆவடியானாலும் பூந்தமல்லியானாலும் அம்பத்தூரிலிருந்து வண்டியில் போய்வரும் தூரம்தான். நேரில் அளக்காமல் ஒரு பெட்டியைக்கூட ஏற்றி அனுப்பாதீர்கள்.